தரவைப் பார்த்தவர் யார்?

2020 மே 22 அன்று ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. ஆறு கண்டங்களில் 671 மருத்துவமனைகளின் 96,032 கொரோனா நோயாளிகளை ஆராய்ந்ததாகவும், ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் பெற்றவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்ததாகவும் அது சொன்னது. மூன்றே நாளில் உலக சுகாதார நிறுவனம் தன் பரிசோதனையில் அந்த மருந்தை நிறுத்திவைத்தது. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நம்பகத்தன்மைக்கான வழக்கமான சோதனைகளில் அது தோற்றிருக்கவே முடியாது: முதல் ஆசிரியர் மன்தீப் மெஹ்ரா ஹார்வர்டின் இதயநோய்ப் பேராசிரியர், சக வல்லுநர்களின் மதிப்பாய்வு முடிந்திருந்தது, தகவலும் புத்தம் புதியது. ஆனால், இந்தச் சோதனைகள் ஒவ்வொன்றும் எதை உறுதிசெய்கிறது என்று அன்று பலரும் கேட்கவில்லை.

மெஹ்ராவின் தேர்ச்சி இதயநோயில். கட்டுரையின் உயிர்நாடியோ ‘சர்ஜிஸ்பியர்’ என்ற சிறிய நிறுவனம் வைத்திருந்ததாகச் சொன்ன தரவுத்தளம். அந்நிறுவனத்தின் தலைவர் சபன் தேசாயும் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். மற்ற ஆசிரியர்கள் மூலப் பதிவுகளைப் பார்க்கவில்லை. மதிப்பாய்வாளர்களும் பொதுவாக அவற்றைப் பார்ப்பதில்லை. எழுதப்பட்டது முறையாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள், நோயாளிகள் இருந்தார்களா என்று அல்ல. சார்பு என்றதும் நாம் மருந்து நிறுவனத்தின் பணத்தைத் தேடுகிறோம். இங்கே தரவின் உரிமையாளரே அதற்குச் சாட்சியாகவும் இருந்தார் என்பதுதான் எச்சரிக்கை மணி. புதுமையும் இங்கே பலவீனமே: வேறு எவரும் சரிபார்க்க அவகாசம் கிடைக்காத நாட்களில்தான் அதை வைத்து முடிவெடுத்தார்கள்.

இதையெல்லாம் சாதாரண வாசகர் கண்டறிய முடியுமா என்று கேட்கலாம். முழுவதும் முடியாதுதான். ஆனால் முதல் விரிசல் மருத்துவ நுட்பத்தால் தெரியவரவில்லை. ஏப்ரல் 21 வரை ஆஸ்திரேலியாவில் 73 பேர் இறந்ததாகக் கட்டுரையின் தரவு காட்டியது. பொதுவெளியில் இருந்த கணக்கோ 67. ஒரு சில மருத்துவமனைகளின் கணக்கு நாட்டின் மொத்தத்தை மிஞ்சுவது எப்படி? ஆசிய மருத்துவமனை ஒன்று தவறுதலாகச் சேர்ந்துவிட்டதாக நிறுவனம் விளக்கியது. பிறகு தனி ஆய்வாளர்களிடம் முழுத் தரவைத் தர மறுத்தது. தேசாய் தவிர்த்த மூன்று ஆசிரியர்களும் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள்.

அப்படியானால் மதிப்பாய்வு வீணா என்பது அடுத்த கேள்வி. இல்லை. அது கட்டுரையை விவாதத்துக்குள் அனுமதிக்கும் வாசல். உண்மையான சோதனை வெளியான பின்புதான் நடக்கிறது. இங்கே 13 நாளில் நடந்தது. கட்டுரையின் முடிவு தற்செயலாக ஓரளவு சரியே என்று இன்னொரு வாதமும் உண்டு. திரும்பப் பெற்ற மறுநாளே, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆக்ஸ்ஃபோர்டின் ‘ரெகவரி’ பரிசோதனை, மருத்துவமனையில் சேர்ந்தோருக்கு இந்த மருந்தால் பலனில்லை என்று அறிவித்தது. அந்த முடிவு நம்பத்தக்கது. ஆனால் அதனால் சர்ஜிஸ்பியரின் எண்களுக்கு மதிப்பு வந்துவிடாது. அந்தக் கட்டுரையை இன்று யாராவது மேற்கோள் காட்டினால், அது திரும்பப் பெறப்பட்டதா என்று இதழின் பக்கத்தில் பார்ப்பதே முதல் வேலை.