கல் நகை எடுக்கும்போது லூப்பைக் கேட்டு வாங்குங்கள்



தை முகூர்த்தத்துக்கு நகை எடுக்கப் பலர் கிளம்பியிருப்பீர்கள். ஹால்மார்க் முத்திரையையும் ஆறு இலக்க எண்ணையும் பார்த்து வாங்க இப்போது எல்லோரும் பழகிவிட்டோம். ஆனால் அந்த முத்திரை தங்கத்தின் தரத்தை மட்டுமே சொல்லும். பதித்த கல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. ஆகவே கல்லுக்குப் பணம் கொடுக்கிறவர், கடையிலேயே பத்து மடங்கு லூப்பைக் கேட்டு வாங்கித் தம் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வைரத்தின் தரம் பிரிப்பதே இந்தப் பத்து மடங்குப் பார்வையில்தான்.

குவிலென்ஸ் பாடம் நினைவிருக்கும். நம் கண் தெளிவாகப் பார்க்கும் குறைந்த தூரம் 25 செ.மீ. லூப்பின் குவியத் தொலைவு 2.5 செ.மீ. வகுத்தால் பத்து. அதனால் லூப்பைக் கண்ணோடு ஒட்டினாற்போல் பிடித்து, கல்லை ஓர் அங்குலத்துக்குக் கொண்டுவர வேண்டும். கையை நீட்டிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. இரு கைகளும் ஒன்றையொன்று தொட்டபடி இருந்தால் நடுங்காது. முதலில் கல்லைத் துணியால் துடைத்துவிடுங்கள். தூசியைக் குறை என்று நினைத்துவிடக் கூடாது. தலைக்கு மேல் எரியும் கடை விளக்கில் எல்லாக் கல்லும் மின்னும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி திருப்பிப் பாருங்கள்.

முதலில் விளிம்பு. பட்டைகள் கூடும் முனையிலும், கம்பி பிடித்திருக்கும் இடத்தின் ஓரத்திலும் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று சுற்றிவரப் பாருங்கள். பெயர்ந்த இடம் பட்டையின் வழவழப்பு இல்லாமல், உடைந்த கண்ணாடி ஓரம்போல் தெரியும். சில்லு போன இடத்தின் மேலேயே கம்பியை மடக்கி மறைப்பதும் உண்டு.

அடுத்தது உள்ளே. வைரத்தில் காக்கைக்கால் போன்ற பிளவு, கறை, புள்ளி, கோடு ஆகியவை குற்றம் என்று சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையிலேயே வருகிறது. சிவப்புக்கல்லில் இந்த உள்குறையே ஒரு சாட்சி. திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் செயற்கைக்கல் பட்டை தீட்டியவர்கள் நம் உறவிலேயே உண்டு. அவர்களுக்கு இது தெரியும். வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் 1902-இல் அறிவித்த முறையில், சுடரில் உருக்கி வளர்த்த கல்லுக்குள் வளைந்த கோடுகளும் உருண்டைக் குமிழிகளும் இருக்கலாம். மண்ணில் விளைந்த கெம்பில் வளர்ச்சிக் கோடு வளையாது. நேராகவோ கோணமாகவோ போகும். செயற்கைக்கல் அணிவது தப்பில்லை. அதற்கு அசல் கல்லின் விலை கொடுப்பதுதான் தப்பு.

மூன்றாவது ஒட்டு. இரண்டு துண்டை ஒட்டியிருந்தால், பக்கவாட்டில் பார்க்கும்போது ஒரு கோட்டுக்கு மேலும் கீழும் பளபளப்பு மாறும். குமிழிகள் ஒரே தளத்தில் பரவிக் கிடக்கும். விரிசலில் ஈயக் கண்ணாடி நிரப்பிய கெம்பு இதற்கு உறவு. போன வருடம் உறவுப் பெண்ணுக்கு ஒரு கடையில் மோதிரம் பார்த்தோம். "அசல் கல்லுங்க" என்றார்கள். லூப்பில் மெல்லச் சாய்த்ததும், கல்லின் மேல்வரை வந்த விரிசல்களில் நீல ஒளி பளிச்சென்று வந்து மறைந்தது. உள்ளே தட்டையான குமிழிகள். "கண்ணாடி நிரப்பினதா தம்பி?" என்று கேட்டேன். உள்ளே போய் விசாரித்து வந்து, "ஆமாங்கய்யா" என்றார். கல் அசல்தான், ஆனால் பாதி பலம் கண்ணாடியுடையது. அளவு மாற்றும்போது பற்றவைக்கும் சூடும், எலுமிச்சைச் சாறு போட்டுக் கழுவுவதும் அந்தக் கண்ணாடியைக் கெடுத்துவிடும். வாங்காமல் வந்தோம்.

லூப்புக்கும் எல்லை உண்டு. ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தையும் மண்ணில் விளைந்ததையும் அது பிரித்துக் காட்டாது. கெம்பைச் சூடுபடுத்தினார்களா என்பதையும் பல நேரம் காட்டாது. அதற்கு ஆய்வகச் சான்று வேண்டும். பின்பக்கம் மூடிய குளோஸ் செட்டிங் நகையில் கல்லின் விளிம்பும் அடியும் தெரியவே தெரியாது. அத்தகைய தோடு செய்யக் கொடுத்தால், பதிக்கும் முன்பே கல்லை வெறுமனே காட்டச் சொல்லுங்கள்.

பழைய நகையைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போதும், அவர் முன்னாலேயே லூப்பில் பார்த்து, எந்தக் கல்லில் எங்கே சில்லு என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். திரும்ப வாங்கும்போது வாக்குவாதம் வராது. லூப் தர மறுக்கிற கடையில் கல் நகை எடுக்காதீர்கள். வெறும் தங்கம் மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.