வாடகைக்கு வருபவருக்கும் இசைவாணைப் பதிவேட்டைத் திறந்து காட்டுங்கள்

ஆந்திரப் பிரதேச மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உறுப்பினர் செயலர் அவர்களுக்கு,

சித்தூர் மாவட்டத்தின் நகரியிலிருந்து எழுதுகிறேன். தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் நெசவு ஊர் இது. விசைத்தறிகள் இருப்பதால் நூலுக்குச் சாயம் போடும் பட்டறைகளும் இருக்கின்றன. வீடுகளும் பட்டறைகளும் ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கின்றன. இங்கே குடிவர நினைக்கும் ஒருவர் முன்பணம் கொடுப்பதற்கு முன் எதையெல்லாம் தானே பார்த்துக்கொள்ள முடியும், எது உங்கள் வாரியம் சொன்னால்தான் தெரியும் என்பதைச் சொல்லவே இந்த மடல்.

அண்மையில் என் அக்காள் மகளுக்கு வீடு பார்த்தோம். வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலை வரச் சொன்னார். வீடு நன்றாக இருந்தது. சாக்கடை காய்ந்து கிடந்தது, வாடை எதுவும் இல்லை. ஆனால் அன்று பட்டறைக்கு விடுமுறை. சாயத்தொட்டியை நாள் முழுவதும் திறந்துவிட மாட்டார்கள். வேலை நாளில், பெரும்பாலும் இருட்டிய பிறகோ விடியுமுன்போ, மொத்தமாக விடுவார்கள். அதனால் ஒரு வேலை நாளின் விடியற்காலையில் மறுபடி போனோம். அதே சாக்கடையில் கருநீலத் தண்ணீர், கையில் தொட்டால் வெதுவெதுப்பாக ஓடியது. ஹைட்ரோஸ் வாடை மூக்கைக் குத்தியது. கந்தகம் எரிந்தது போன்ற அந்தக் காரத்தைச் சாயத்தொழில் தெரிந்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

நிறத்தைவிட எனக்குப் பெரிய கவலை உப்பு. பருத்தி நூல் சாயத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளாது. அடர்ந்த நிறம் ஏற வேண்டுமானால் ஒரு லிட்டர் சாயத் தண்ணீருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்புப் போட வேண்டியிருக்கும். அந்த உப்பு நூலில் தங்குவதில்லை, முழுவதும் கழிவோடு வெளியே போகிறது. சுண்ணாம்பும் படிகாரமும் போட்டால் நிறம் அடியில் படிந்து தண்ணீர் தெளிந்துவிடும், உப்பு அப்படியே இருக்கும். அதை எடுக்கச் சவ்வு வடிகட்டியும் தண்ணீரைக் கொதிக்கவைத்து வற்றச்செய்யும் கலன்களும் வேண்டும். சிறு பட்டறையால் அந்தச் செலவைத் தாங்க முடியாது. ஆகவே தெளிந்த தண்ணீர் ஓடுகிறது என்பதற்காகச் சாக்கடை சுத்தமாக இருப்பதாகச் சொல்லிவிட முடியாது. பட்டறை விட்ட உப்பு மெல்ல மண்ணில் இறங்கி ஆழ்குழாய்க் கிணற்றுக்கு வந்து சேர்கிறது.

இதைக் கண்டுபிடிக்கச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரே போதும். பார்த்த வீட்டின் போர் தண்ணீரை ஒரு பாட்டிலிலும், சாக்கடைக்கு மேட்டுப் பக்கம் இரண்டு தெரு தள்ளி இருக்கும் உறவினர் வீட்டுத் தண்ணீரை இன்னொரு பாட்டிலிலும் பிடித்து அளந்தோம். முதலாவது இரண்டாவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் காட்டியது. இந்திய தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை விடுகிறது. எங்கள் பக்கம் பாறை நிலம், தண்ணீரில் இயல்பாகவே உப்பு கூடுதல். அதனால் ஒரு கிணற்றின் அளவை மட்டும் வைத்துப் பட்டறையைக் குறை சொல்வது நியாயமில்லை. அருகருகே உள்ள இரண்டு கிணறுகள், ஏறத்தாழ ஒரே ஆழம், நடுவில் ஒரு சாயச் சாக்கடை என்னும்போது அந்த வித்தியாசம் பேசும். அந்த வீட்டை நாங்கள் எடுக்கவில்லை.

மூக்கையும் மீட்டரையும் வைத்துப் பார்ப்பது இவ்வளவுதான். இவை இரண்டும் கைவிடும் இடங்கள் உங்கள் எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. சித்தூரிலிருந்து பங்காருபாளையம் போகும் பக்கமெல்லாம் மாம்பழக்கூழ் ஆலைகள். ஜனவரியில் வீடு பார்க்கிறவருக்கு அங்கே எதுவும் தெரியாது. தோத்தாபுரி வரத்து தொடங்கி ஆலைகள் ஓடும் ஜூன், ஜூலையில் சர்க்கரை கலந்த கழிவுநீர் தேங்கினால் சீக்கிரமே புளித்துக் கறுத்து, அழுகிய முட்டை வாடை வீசும். அதற்குள் அவர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்திருப்பார்.

ஈயத்துக்கோ நிறமும் இல்லை, வாடையும் இல்லை. திருப்பதிக்கு அருகே கரகம்பாடியிலும் சித்தூர் மாவட்டத்தின் நூனெகுண்டலபள்ளியிலும் உள்ள அமரராஜா பேட்டரி ஆலைகளை மூட 2021 ஏப்ரல் 30 அன்று உங்கள் வாரியம் ஆணையிட்டது. நிறுவனம் உயர் நீதிமன்றம் சென்றது, ஒரு வாரத்துக்குள் அந்த ஆணை நிறுத்திவைக்கப்பட்டது. யார் பக்கம் சரி என்று நான் இங்கே சொல்ல வரவில்லை. அந்த நாட்களில் கரகம்பாடியில் வீடு தேடிய ஒருவர், ‘இந்தத் தெருக் காற்றில் ஈயம் எவ்வளவு?’ என்று கேட்க நினைத்திருந்தால் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டியிருப்பார்?

பதில் சட்டத்திலேயே இருக்கிறது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 25(6)ஆம் பிரிவு, இசைவாணை நிபந்தனைகளுக்கு வாரியம் ஒரு பதிவேடு வைக்க வேண்டும் என்கிறது. ஒரு கழிவு வாய்க்காலில் அக்கறை உள்ளவரோ அதனால் பாதிக்கப்பட்டவரோ நியாயமான எந்த நேரத்திலும் வந்து அதைப் பார்க்கலாம். 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம் 51ஆம் பிரிவும் இதே போன்ற பதிவேட்டைக் கேட்கிறது. பட்டறைச் சாக்கடைக்கு மூன்றாவது வீட்டில் குடியேறப்போகும் பெண்ணைவிட அதில் அக்கறை உள்ளவர் வேறு யார்? வாடகைக்கு வருபவரும், வர எண்ணுபவரும் ‘அக்கறை உள்ளவர்’ என்ற சொல்லில் அடங்குவர் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

பதிவேடு வாரிய அலுவலகத்தில் இருந்தால் போதாது. ஒரு நாள் கூலியை இழந்து அங்கே வரும் நெசவாளியை நான் கண்டதில்லை. நகரி, புத்தூர், ரேணிகுண்டா போன்ற ஊர்களின் நகராட்சி, ஊராட்சி அலுவலகங்களில் தெலுங்கிலும், எங்களைப் போன்ற எல்லை ஊர்களில் தமிழிலும், தெருவாரியாகப் பட்டியல் ஒட்டுங்கள். பட்டறையின் கதவு எண், இசைவாணை எந்தத் தேதி வரை, நாளொன்றுக்கு எத்தனை கிலோலிட்டர் கழிவு, அது எங்கே போக வேண்டும், பருவத் தொழில் என்றால் எந்த மாதங்கள், ஈயம் போன்றவற்றைக் கையாளும் ஆலை என்றால் கடைசியாக அளந்த காற்று, நீர் முடிவுகள். இவ்வளவு இருந்தால் வீடு பார்க்க வருபவரே சரிபார்த்துக்கொள்வார். ‘வெளியேற்றம் இல்லை’ என்று பட்டியல் சொல்லும் பட்டறையின் சாக்கடையில் நீலம் ஓடினால் நிபந்தனை மீறப்படுகிறது என்று பொருள். பட்டியலிலேயே இல்லாத பட்டறை என்றால் அதற்கு இசைவே இல்லை.

பட்டறைகளை மூடச் சொல்லி நான் எழுதவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எத்தனை குடும்பங்கள் வேலையற்று நின்றன என்பது இங்குள்ள தறிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். நொய்யல் கெட்ட பிறகு, கடைசி வழியாக வந்த ஆணை அது. எங்கள் ஆறும் எல்லை தாண்டிப் போய்க் கொசஸ்தலை வழியாகச் சென்னை குடிக்கும் பூண்டி நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வரும்வரை எந்தத் தெருவில் என்ன ஓடுகிறது என்பதையாவது குடியிருப்பவர்கள் அறிந்திருக்கட்டும்.

பட்டியல் வந்தாலும் எல்லோரும் வேறு தெருவுக்குப் போய்விட முடியாது. சாக்கடை ஓரத்தில்தான் வாடகை குறைவு. அங்கேயே இருக்க வேண்டியவர்களுக்கு, குடிக்கவும் சமைக்கவும் போர் தண்ணீரைத் தொடாமல் நகராட்சிக் குழாயை நம்பலாமா என்று முடிவெடுக்கவாவது அது உதவும். அடுத்த மாம்பழப் பருவத்துக்கு முன் சித்தூர், நகரி இரண்டு ஊர்களிலாவது முதல் பட்டியலை ஒட்ட ஆவன செய்யுங்கள். தெருவாரியாகச் சாக்கடைகளைக் குறித்துத் தர எங்கள் ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள், நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
நகரியில் குடியிருக்கும் ஒருவர்