சாம்பார் சாதத்தின் எடைக் கணக்கு

ஒரு டப்பா சாம்பார் சாதத்தில் எத்தனை கலோரி, எத்தனை கிராம் புரதம் என்று கேட்டால், குக்கரில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள் என்றுதான் முதலில் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. எதிர்வீட்டு மருமகளிடம் அப்படித்தான் கேட்டேன். அவளுடைய மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு.

"தண்ணில என்னக்கா சத்து இருக்கு? நான் டப்பாவையே நிறுத்துப் பாத்துட்டேன். சாதம் மட்டும் எரநூறு கிராம். போன்ல போட்டா எழுநூறு கலோரி, பதினாறு கிராம் புரோட்டீன்னு வருது. அப்புறம் ஏன் இவன் மூணு மணிக்கே பசிக்குதுன்னு வர்றான்?"

தப்பு அந்த எழுநூறில் இருக்கிறது. நூறு கிராமுக்கு 350 கலோரியும் எட்டு கிராம் புரதமும் என்பது அரிசிக்கான கணக்கு, சாதத்துக்கானது அல்ல. நூறு கிராம் அரிசி வெந்து வடித்தால் 270, 280 கிராம் சாதமாகிவிடும். கூடின எடை முழுக்கத் தண்ணீர். ஆக, இருநூறு கிராம் சாதத்தில் இருப்பது எழுபது கிராம் அரிசிதான்: 250 கலோரி, ஐந்தரை கிராம் புரதம். வேகாததற்கான பட்டியலை எடுத்து வெந்ததன் எடையில் பெருக்கினால் எல்லாமே கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும்.

சாம்பார் சாதம், பொங்கல், கூட்டு மாதிரி எல்லாம் சேர்ந்து வேகும் பண்டத்துக்கு ஒரே வழிதான் உருப்படியானது. அடுப்பில் ஏறும் முன் ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதிக்கொள்ள வேண்டும். வெந்து இறக்கியபின் மொத்தத்தை நிறுக்க வேண்டும். டப்பாவுக்குள் போவது அதில் எத்தனை பங்கு என்று பார்க்க வேண்டும். காலிக் குக்கரின் எடையை ஒரு முறை குறித்து வைத்தால் போதும். எண்ணெயைக் கரண்டியால் அளப்பதைவிட, ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் தூக்கை நிறுப்பது நல்லது. ஒரு கிராம் எண்ணெய் ஒன்பது கலோரி என்பதால், கை தாராளமானால் மற்ற கணக்கெல்லாம் வீண்.

மறுநாள் அவள் வீட்டில் நிறுத்தோம். புழுங்கல் அரிசி கால் கிலோ, துவரம் பருப்பு 75 கிராம், நல்லெண்ணெயும் நெய்யும் சேர்ந்து 20, சின்ன வெங்காயம், கத்திரி, காரட், முருங்கை எல்லாமாக இருநூறு, பொடி பத்து. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் 528 உணவுப் பொருள்களுக்கு வெளியிட்ட பட்டியல் என்னிடம் இருந்தது. அதன்படி அரிசிக்கு 880 கலோரி, பருப்புக்கு 250, கொழுப்புக்கு 180, காய்க்கும் பொடிக்கும் ஒரு தொண்ணூறு, மொத்தம் 1400. புரதம் அரிசியில் பத்தொன்பதரை, பருப்பில் பதினாறு, மற்றதில் நாலு. மொத்தம் நாற்பது கிராம். குக்கரைத் திறந்து நிறுத்தால் சாதமும் 1400 கிராம். கிராமுக்கு ஒரு கலோரி! இவ்வளவு வசதியான கணக்கு தினமும் அமையாது.

டப்பாவில் அவள் வைத்தது 250 கிராம். அதாவது 250 கலோரி, ஏழு கிராம் புரதம்.

இனி தேவைக்கு வருவோம். 2020-இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகப் பரிந்துரையில், ஏழு முதல் ஒன்பது வயது வரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1700 கலோரி, 23 கிராம் புரதம். அது 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்குப் போட்ட கணக்கு. ஏழு வயதில் நம் பிள்ளைகள் பலர் இருபது, இருபத்திரண்டில்தான் நிற்கிறார்கள். அதனால் தேவை கொஞ்சம் குறையும் என்று வாதிடலாம். எடை ஏற வேண்டிய பிள்ளைக்கு அந்த வாதத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. மதியம் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால் 550 கலோரியும் எட்டு கிராம் புரதமும் ஆகின்றன.

அவள் பயந்தது புரதத்தை நினைத்து. புரதம் ஏறக்குறைய வந்துவிட்டது. கலோரிதான் பாதிக்கும் கீழே. இது சின்ன விஷயம் இல்லை. எரிபொருள் போதாதபோது உடம்பு புரதத்தையே எரித்துவிடும், வளர்த்திக்கு மிஞ்சாது. புரோட்டீன் பவுடர் விளம்பரங்கள் இதைச் சொல்லப் போவதில்லை.

இன்னொரு வேடிக்கை. சத்தில்லாதது என்று அவள் ஒதுக்கி வைத்திருந்த எலுமிச்சைச் சாதம், இருநூறு கிராம் சாதத்தில் பத்து கிராம் வேர்க்கடலையும் நாலு கிராம் எண்ணெயும் சேர்ந்தால், 340 கலோரியும் எட்டு கிராம் புரதமும் தருகிறது. தண்ணீர் குறைவு என்பதுதான் ரகசியம். ஆனால் பருப்பு இல்லாத அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு. அரிசி மூன்று பங்குக்குப் பருப்பு ஒரு பங்கு சேரும்போது அது ஈடாகிறது. இவளுடைய குக்கரில் அந்த விகிதம் தானாகவே அமைந்திருந்தது. சாம்பார் சாதத்தை விட வேண்டியதில்லை, இறுக்க வேண்டும்.

சத்துணவுக் கூடத்தில் கணக்குப் பச்சைப் பொருளில்தான் ஓடுகிறது. மத்திய அரசின் அளவுப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி, இருபது கிராம் பருப்பு, ஐம்பது கிராம் காய், ஐந்து கிராம் எண்ணெய். கூட்டிப் பாருங்கள்: அவர்கள் சொல்லும் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் வந்து, கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். தமிழ்நாட்டில் பள்ளி நாள்தோறும் ஒரு முட்டையும் உண்டு, அது இன்னொரு ஆறு கிராம். நூறு கிராம் அரிசிச் சாதத்தை ஏழு வயதுப் பிள்ளை ஒரே மூச்சில் சாப்பிடுமா என்பது வேறு கேள்வி. இவள் வீட்டுப் பையன் சாப்பிட மாட்டான்.

அதனால் டப்பாவைப் பெரிதாக்காமல் மாற்றினோம். தண்ணீரைக் குறைத்ததில் மொத்தம் 1200 கிராமில் நின்றது. அதே 250 கிராமில் 290 கலோரி, எட்டு கிராம் புரதம். டப்பாவில் போடும்போது ஒரு சின்னக் கரண்டி நெய், 45. பக்கத்துச் சிறு டப்பாவில் இருபது கிராம் பச்சை வேர்க்கடலையை அவித்துத் தாளித்தது, நூறு கலோரியும் நாலரை கிராம் புரதமும். ஒரு சிறுமலைப் பழம், ஐம்பது அறுபது. கிட்டத்தட்ட ஐந்நூறு. முட்டையை டப்பாவில் வைக்கச் சொல்லவில்லை. காலை ஏழரைக்குக் கட்டியது பன்னிரண்டரைக்குத் திறக்கும்போது திண்டுக்கல் வெயிலில் என்னவாகும் என்பது தெரிந்ததே. அது காலையிலேயே தட்டில் வைக்க வேண்டியது.

சாயங்காலம் திரும்பி வரும் டப்பாவையும் நிறுக்கச் சொன்னேன். அதில் ஒரு சிக்கல், முருங்கைச் சக்கை. நாம் நிறுத்த 250 கிராமில் நாலு துண்டு முருங்கை இருந்தால் இருபது முப்பது கிராம் மென்று துப்புகிற சக்கைதான். அதைப் பிள்ளை மிச்சம் வைத்ததாகவும் எழுதக் கூடாது, சாப்பிட்டதாகவும் எழுதக் கூடாது. காய் வேகும் முன்பே முருங்கையைத் தனியாக நிறுத்து, சதையை மட்டும் கணக்கில் சேர்ப்பதுதான் சுலபம். இத்தனைக்கும் பிறகு வரும் எண்ணை ஐம்பது கலோரிக்கும் ஒரு கிராம் புரதத்துக்கும் மேல் நுணுக்கமாக எழுதுவதில் அர்த்தம் இல்லை.

மூன்றாம் நாள் கடலை டப்பா துடைத்த மாதிரி வந்தது. "நீயே தின்னியாடா?" என்று கேட்டாள் அம்மா. பாதியைப் பக்கத்துப் பையனுக்குக் கொடுத்து முறுக்கு வாங்கினானாம். அந்த முறுக்கு எத்தனை கிராம் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.