பதினாறாயிரம் ரூபாய் எந்தத் தேதியில் திரும்பும்?

மத்திய அரசின் ஓய்வூதியம் மற்றும் ஓய்வூதியதாரர் நலத்துறைச் செயலாளர் அவர்களுக்கு,

மாதக் கடைசியில் பெங்களூரு வங்கிக் கிளைகளில் பாஸ்புக்கோடு நிற்கும் ஓய்வூதியர்களின் பேச்சைக் கொஞ்சம் கேட்டால் ஒரு சொல் அடிக்கடி காதில் விழும்: கம்யூட்டேஷன். விண்வெளித் துறை, பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடங்கள், தபால் துறை, கணக்குத் துறை என இந்த ஊரில் மத்திய அரசுப் பணியில் வாழ்நாளைக் கழித்தவர்களுக்குக் குறைவில்லை. அவர்களில் தமிழர்களும் நிறையப் பேர். ஓய்வு பெறும்போது கையில் வந்த மொத்தத் தொகை எவ்வளவு என்பது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. மாதாமாதம் பிடிக்கப்படும் பணம் எந்தத் தேதியில் நிற்கும் என்று கேட்டால் பலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. 2025 ஆகஸ்ட் 31 அன்று 60 வயதில் ஓய்வு பெறுகிறார் ஒருவர். அவருடைய அடிப்படை ஓய்வூதியம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1981ஆம் ஆண்டு விதிகளின்படி இதில் 40 சதவீதம் வரை அவர் முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். அது மாதம் 16,000 ரூபாய். அடுத்த பிறந்தநாளில் அவருக்கு 61 வயதாகும். அந்த வயதுக்கு அட்டவணையில் உள்ள காரணி 8.194. 16,000 ரூபாயை 12 ஆல் பெருக்கி, வருவதை 8.194 ஆல் பெருக்கினால் 15,73,248 ரூபாய். வருமான வரி கிடையாது. மகளின் கல்யாணத்துக்கோ வீட்டுக் கடனை அடைக்கவோ பெரும்பாலோர் இதை நம்பித்தான் இருக்கிறார்கள்.

இனி மாத ஓய்வூதியத்தைப் பார்ப்போம். 40,000 போய் 24,000 ஆகிறது. ஆனால் அகவிலை நிவாரணம் மட்டும் குறைக்கப்படாத 40,000 ரூபாய்க்கே கணக்கிடப்படும். 2025 ஜூலை விகிதப்படி அது 58 சதவீதம், அதாவது 23,200 ரூபாய். ஆக 63,200 வர வேண்டிய இடத்தில் 47,200 வருகிறது. அடிப்படையில் 40 சதவீதம் போனாலும், கைக்கு வருவதில் குறைவது நாலில் ஒரு பங்குதான். பென்ஷன் ஸ்லிப்பில் இதைச் சரிபார்க்க ஒரு எளிய வழி உண்டு. அகவிலை நிவாரணத் தொகையை முழு அடிப்படை ஓய்வூதியத்தால் வகுத்தால் நடப்பு விகிதம் வர வேண்டும். 23,200க்குப் பதில் 13,920 என்றிருந்தால், குறைந்த 24,000 ரூபாய்க்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். மாதம் 9,280 ரூபாய் நஷ்டம்!

பிடிக்கும் 16,000 ரூபாய் கடைசிவரை 16,000 ரூபாய்தான். பின்னாளில் ஊதியக் குழு வந்து ஓய்வூதியம் இரட்டிப்பானாலும் அது கூடாது. இதை அறியாமல் வீணாகக் கவலைப்படும் பெரியவர்கள் உண்டு.

சிக்கல் தேதியில் இருக்கிறது. குறைப்பு நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 15 ஆண்டு முடிந்ததும் முழுத் தொகையும் திரும்ப வேண்டும் என்கிறது விதி 10-அ. ஓய்வு பெற்ற முதல் மாதத்துக்குள் பணம் வந்துவிட்டால், நம் எடுத்துக்காட்டு மனிதருக்குக் குறைப்பு 2025 செப்டம்பர் 1 முதல். மீட்பு 2040 செப்டம்பர் 1. பணம் தாமதமாகி நவம்பர் 12 அன்றுதான் வங்கிக் கணக்கில் ஏறியது என்றால், நவம்பர் 11 வரை அவருக்கு முழு ஓய்வூதியம் தர வேண்டும். மீட்பு நாளும் 2040 நவம்பர் 12க்குத் தள்ளிப்போகும். ஓய்வு பெற்ற தேதியை மட்டும் வைத்து எண்ணுகிறவர் இங்கேதான் தடுமாறுகிறார். பணம் ஏறிய நாளின் பாஸ்புக் பக்கத்தைப் பதினைந்து ஆண்டு பத்திரப்படுத்துகிறவர் எத்தனை பேர்?

2016இல் ஓய்வு பெற்றவர்களுக்கு இது இரட்டைச் சிக்கல். ஏழாவது ஊதியக் குழுவின் ஆணைகள் அந்த ஆண்டின் நடுவில் வந்தாலும், அமலானது ஜனவரி 1 முதல். ஏப்ரல் 30 அன்று 27,000 ரூபாய் சம்பளத்தில் ஓய்வு பெற்ற ஒருவருக்கு முதலில் 13,500 ரூபாய் ஓய்வூதியம். அதில் 5,400 தொகுக்கப்பட்டது. பிறகு சம்பளம் 70,000 என்று திருத்தப்பட்டு ஓய்வூதியம் 35,000 ஆனது. அதன் 40 சதவீதம் 14,000. எனவே மீதி 8,600 ரூபாய்க்குரிய தொகை, எட்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக, 2017 ஜனவரி 10 அன்று வந்தது என்று கொள்வோம். இவருக்கு 2031 மே 1 அன்று 5,400 மட்டுமே திரும்பும். 8,600 ரூபாய்க்கு 2032 ஜனவரி 10 வரை காத்திருக்க வேண்டும். முதல் தேதியில் இரண்டையும் சேர்த்து விடுவித்துவிட்டால், பிற்பாடு கூடுதலாகத் தந்ததைப் பிடித்தம் செய்வார்கள். இரண்டையும் இரண்டாம் தேதிக்குத் தள்ளினால் எட்டு மாதத்துக்கு 5,400 ரூபாய் நிற்கும். எப்படியும் அடி 75 வயதுக்காரருக்கு. எட்டாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகள் வழக்கம்போல் முன்தேதியிட்டு அமலானால், 2026 ஜனவரிக்குப் பின் ஓய்வு பெறுகிறவர்களும் இதே வரிசையில் வந்து நிற்பார்கள்.

பதினைந்து ஆண்டு என்ற அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1986 டிசம்பரில் ‘காமன் காஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்ற காலவரையறை அது. பழைய அட்டவணையில் 61 வயதுக்கான காரணி 9.81. அதன்படி நம் மனிதருக்கு 18,83,520 ரூபாய் கிடைத்திருக்கும். 2008இல் வட்டி விகிதத்தை 8 சதவீதமாக வைத்துக் காரணியைக் குறைத்தார்கள். தொகை 3,10,272 ரூபாய் சுருங்கியது. பிடித்தக் காலம் மட்டும் அசையவில்லை. வாங்கிய 15,73,248 ரூபாய்க்கு 15 ஆண்டில் திருப்பிக் கட்டுவது 28,80,000. இதைக் கடனாகப் பார்த்தால் வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம். 8 சதவீத வட்டியில் 13 ஆண்டும் சில மாதங்களும் போதும். அரசுத் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஓய்வூதியர் இடையில் இறந்தால் மீதியைக் குடும்பத்திடம் கேட்பதில்லை, குடும்ப ஓய்வூதியத்திலும் கைவைப்பதில்லை. அந்த ஆபத்துக்கு ஒரு விலை உண்டுதான். ஆனால் காரணியைத் திருத்தியபோது காலத்தையும் கணக்கிட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஐந்தாவது ஊதியக் குழுவே 12 ஆண்டு போதும் என்றது. பக்கத்துக் கேரளம் தன் ஊழியர்களுக்கு 12 ஆண்டில் திருப்பித் தருகிறது.

ஆண்டுகளைக் குறைப்பது பெரிய முடிவு. நிதியமைச்சகத்தையும் கேட்க வேண்டும். ஆனால் தேதியை அச்சிடுவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. மாத பென்ஷன் ஸ்லிப்பில் தொகுத்த தொகை, பணம் ஏறிய நாள், மீட்பு நாள் மூன்றையும், இரண்டு தவணை என்றால் இரண்டுக்கும் தனித்தனியாக, அச்சிட வங்கிகளுக்கு உத்தரவிடுங்கள். அந்த நாளில் மனு எதுவும் கேட்காமல் முழுத் தொகை தானாக ஏற வேண்டும். தவறினால் வங்கி வட்டியோடு தர வேண்டும். 2016இல் ஓய்வு பெற்றவர்களின் முதல் தேதி 2031இல் வருகிறது. அதற்குள் செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பெங்களூரு வாழ் ஓய்வூதியர்களின் சார்பில்