முகாமில் பார்த்த பிரஷர்: எவ்வளவு நம்பலாம்?

மண்ணரை போன்ற பனியன் கம்பெனி பகுதிகளில் பலருக்கு ரத்த அழுத்தம் முதன்முதலில் பார்க்கப்படுவது ஆஸ்பத்திரியில் அல்ல. கம்பெனியிலோ மண்டபத்திலோ நடக்கும் இலவச முகாமில், அல்லது மாத்திரை வாங்கப் போன மருந்துக்கடையில்தான். அங்கே கிடைத்த எண்ணை வைத்து ஒருவர் பயந்து போகிறார். இன்னொருவர் "நமக்கு ஒன்றும் இல்லை" என்று அடுத்த ஐந்து வருடத்துக்கு மறந்து விடுகிறார். இரண்டில் பின்னதுதான் அதிக ஆபத்து!

தவறு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மெஷினிலிருந்து அல்ல, கையில் சுற்றும் பட்டையிலிருந்து. பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை மேல்கையின் சுற்றளவில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் சுற்றி வர வேண்டும். முகாம்களில் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே பட்டைதான். 2023-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 195 பேரிடம் இதைச் சோதித்தார்கள். பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டை போட்டபோது மேல் அழுத்தம் சராசரியாக 5 கூடுதலாக வந்தது. மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குக் கிட்டத்தட்ட 20 கூடியது! சிறிய பட்டை தேவைப்பட்ட மெலிந்த கைக்காரர்களுக்கோ 3 முதல் 4 வரை குறைவாகக் காட்டியது. ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் ஒல்லியான பெண்களுக்கு "நார்மல்" என்று எழுதிக் கொடுக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

கையை உள்ளே நுழைத்து உட்காரும் தானியங்கி இயந்திரங்களிலும் இதே கதைதான். அமெரிக்க மருந்துக்கடைகளில் இவை பல காலமாக உண்டு. அவற்றின் பட்டை எல்லோர் கைக்கும் பொருந்தாது என்று அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகமே எச்சரித்திருக்கிறது. நம்மூர் மருந்துக்கடையில் கவுண்டர் மேல் வைத்துப் பார்க்கும் சின்ன மெஷின் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவரை நின்றபடியே, சட்டைக் கையின் மேலேயே, பேசிக்கொண்டே பார்த்தால் நல்ல மெஷின் என்ன செய்யும், பாவம்?

சரி, "சரிபார்க்கப்பட்ட கருவி" என்றால் என்ன? பன்னாட்டு விதிப்படி குறைந்தது 85 பேரிடம், பயிற்சி பெற்ற இருவர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்த அளவோடு ஒப்பிட வேண்டும். சராசரி வித்தியாசம் 5-க்கு மேல் போகக் கூடாது, சிதறலும் 8-க்குள் இருக்க வேண்டும். தேறிய மாடல்களை STRIDE BP இணையதளத்தில் தேடலாம். கம்பெனி பெயர் மட்டும் போதாது, மாடல் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். விற்பனைக்கான அரசு உரிமம் வேறு, இந்தச் சோதனை வேறு. தேறிய கருவியும் தனி ஒருவரின் கையில் சற்று விலகலாம். வாங்கியதும் டாக்டரிடம் கொண்டுபோய் ஒருமுறை ஒப்பிட்டுக் கொள்வது நல்லது.

ஒரு ஓவர்லாக் டெய்லரை எடுத்துக் கொள்வோம். கைச் சுற்றளவு 36 செ.மீ. முகாமில் இருந்த பட்டை 22 முதல் 32 செ.மீ. வரைக்கானது (பட்டையிலேயே அச்சடித்திருப்பார்கள், படித்துப் பார்க்கத்தான் ஆளில்லை!). டீ குடித்த கையோடு வரிசையில் நின்று வந்தவருக்கு 158/96 என்று வருகிறது. பிறகு அவர் பொருந்தும் பட்டையுள்ள, சரிபார்க்கப்பட்ட கருவியில் வீட்டில் பார்க்கிறார். ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்து, காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டால் 24 அளவுகள். சராசரி 138/84.

முகாம் 20 புள்ளி கூட்டிச் சொல்லியிருக்கிறது. அதற்காக அவருக்குப் பிரஷர் இல்லை என்று ஆகிவிடவில்லை! டாக்டர் அறையில் 140/90 என்பது எல்லை, வீட்டில் பார்த்தால் 135/85. மேல் அளவு 135-ஐத் தாண்டியதால் இவர் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். முகாம் எண்ணை வைத்து மாத்திரை தொடங்குவதும் தவறு, "முகாம் மெஷின் சரியில்லை" என்று தூக்கிப் போடுவதும் தவறு. 180/120-ஐ நெருங்கினால் மட்டும் ஏழு நாள் காத்திருக்கக் கூடாது. சற்று உட்கார்ந்து மறுபடி பார்த்து, குறையாவிட்டால் அன்றே டாக்டர். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் இருந்தால் நேராக ஆஸ்பத்திரி.

முகாமின் தரத்தை அங்கேயே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அவர்கள் எழுதும் நோட்டைப் பாருங்கள். 120/80, 130/80, 140/90 என்று எல்லாமே பூஜ்ஜியத்தில் முடிகிறதா? கைமுறைக் கருவியில் கோடுகள் இரண்டிரண்டாக இருக்கும். ஒழுங்காகப் பார்த்தால் ஐந்தில் ஒன்றுதான் பூஜ்ஜியத்தில் முடிய வேண்டும். எல்லாம் பூஜ்ஜியம் என்றால் பார்ப்பவர் குத்துமதிப்பாக எழுதுகிறார் என்று அர்த்தம்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" வீட்டு வாசலுக்கே வந்து பிரஷர் பார்க்கிறது. முகாமில் அதிகம் என்று சொல்லப்பட்டவர் அடுத்த நாளே வீடு பார்க்க மெஷின் வாங்க வேண்டும் என்பதில்லை. அவர்கள் வரும்போதோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வேறு வேறு நாளில் இரண்டு முறை பார்த்துக் கொள்ளலாம். உட்கார நாற்காலி கேளுங்கள், பெரிய பட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள்.