பேட்டி கோரும் மின்னஞ்சலில் பொருள், கெடு, வடிவம்: நிலைப்பாட்டு அறிக்கை

ஒரு நிறுவனத்தைப் பற்றிய செய்தி வெளியாவதற்கு முன் அதன் செய்தித் தொடர்பாளருக்குச் செய்தியாளர் அனுப்பும் மின்னஞ்சலில் எவை இடம்பெற வேண்டும் என்ற கேள்விக்குச் செய்தியாளர்களின் இவ்வமைப்பு தன் நிலைப்பாட்டை இங்கே முன்வைக்கிறது. "நிறுவனம் பதிலளிக்கவில்லை" என்று எழுதும் தகுதி, பதிலளிக்கக்கூடிய விதத்தில் கேட்ட செய்தியாளருக்கு மட்டுமே உண்டு என்பதே அதன் சாரம்.

அடிப்படை

குற்றச்சாட்டுக்கு உள்ளாகும் தரப்பின் விளக்கத்தைக் கேட்டு வெளியிட வேண்டும் என்பது இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நடத்தை நெறிகள் வலியுறுத்துகிற கடமையாகும். பிரிட்டனில் 1999ஆம் ஆண்டின் ரெனால்ட்ஸ் அவதூறு வழக்கில், செய்தி பொறுப்புடன் வெளியிடப்பட்டதா என்று பார்க்க நீதிபதி நிக்கோல்ஸ் பட்டியலிட்ட பத்து அம்சங்களுள், பாதிக்கப்பட்டவரின் கருத்து கேட்கப்பட்டதா என்பதும் ஒன்றாக இருந்தது. தகராறு எழும்போது முதலில் எடுத்துப் பார்க்கப்படும் ஆவணம் அந்த மின்னஞ்சலே என்பதால், அதன் வாசகம் வெறும் சம்பிரதாயமாக இருக்க முடியாது.

பொருள்

"உங்கள் நிறுவனம் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறோம், பேச முடியுமா?" என்ற அளவில் நின்றுவிடும் கோரிக்கையை இவ்வமைப்பு ஏற்பதில்லை; ஏனெனில் யாரிடம் தகவல் திரட்டுவது, யாரைப் பேச அனுப்புவது என்பதைச் செய்தித் தொடர்பாளரால் அதைக் கொண்டு முடிவுசெய்ய இயலாது. எடுத்துக்காட்டாக, ஓரகடத்தில் இயங்கும் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மிகைநேர ஊதியம், அதாவது வழக்கமான வேலைநேரத்தைக் கடந்த உழைப்புக்குச் சட்டப்படி தர வேண்டிய இருமடங்கு ஊதியம், தரப்படவில்லை என்ற செய்தியைக் கருதலாம். அதற்கான மின்னஞ்சல் இவ்வாறு அமையலாம்:

"பொருள்: பேட்டி கோரிக்கை – மிகைநேர ஊதியம் – வியாழன் மாலை 5 மணிக்குள்.
வணக்கம். தங்கள் ஆலையில் ஜனவரி முதல் மார்ச் வரை ஒப்பந்தத் தொழிலாளர்களின் மிகைநேர வேலைக்கு ஒற்றை ஊதியமே தரப்பட்டதாகத் தொழிலாளர்கள் கூறுகின்றனர்; நாங்கள் பார்த்த ஊதியச் சீட்டுகளும் அவ்வாறே காட்டுகின்றன. இது சரியா? சரியெனில் காரணம் என்ன? மனிதவளத் துறைத் தலைவருடன் தொலைபேசியில் 20 நிமிடம் பேச விரும்புகிறோம். உரையாடல் பதிவுசெய்யப்படும், பெயருடன் மேற்கோள் காட்டப்படும். கட்டுரை வெள்ளிக்கிழமை இதழில் வெளியாகிறது."

இங்கே குற்றச்சாட்டும் காலமும் ஆதாரத்தின் தன்மையும் சொல்லப்படுகின்றன; ஆனால் ஊதியச் சீட்டின் நகல் இணைக்கப்படவில்லை, ஏனெனில் அதிலுள்ள பணியாளர் எண்ணோ கையெழுத்தோ தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கெடு

கெடு உண்மையானதாகவும், நாளையும் நேரத்தையும் குறிப்பதாகவும் இருக்க வேண்டும். மேற்கண்ட மின்னஞ்சல் செவ்வாய்க்கிழமை காலையில் போனால், ஒப்பந்ததாரரிடம் ஊதியப் பதிவேட்டைக் கேட்டு வாங்கவும் சட்டப் பிரிவின் ஒப்புதலைப் பெறவும் நிறுவனத்துக்கு ஏறத்தாழ மூன்று வேலைநாட்கள் கிடைக்கின்றன; அதையே வியாழன் மாலை 4 மணிக்கு அனுப்பி 5 மணிக்குள் பதில் கேட்டால், கேட்டதாகக் கணக்குக் காட்ட மட்டுமே அது உதவும். தீவிபத்து போன்ற அன்றாட அவசரச் செய்திகளில் ஒரு மணி நேரம்கூட நியாயமாக இருக்கலாம் என்பதால், இத்தனை மணி நேரம் என்ற பொதுவிதியை இவ்வமைப்பு வகுக்கவில்லை.

வடிவம்

நேர்காணலா, தொலைபேசியா, எழுத்துவழிப் பதிலா என்பதுடன், பேசியவை 'ஆன் ரெக்கார்டா' என்பதும், அதாவது பேசியவரின் பெயரோடு வெளியிடப்படுமா என்பதும், முன்கூட்டியே தெளிவாக வேண்டும். பேசி முடித்தபின் ஒருதலையாக 'ஆஃப் தி ரெக்கார்டு' என்று அறிவிப்பது செய்தியாளரைக் கட்டுப்படுத்தாது. குற்றச்சாட்டுகளை முன்னதாகத் தெரிவிப்பது கடமை. துணைக்கேள்விகள் அனைத்தையும் அனுப்புவது கடமையன்று. வெளியீட்டுக்கு முன் கட்டுரையை ஒப்புதலுக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்கக் கூடாது; புள்ளிவிவரத்தைச் சரிபார்த்துக்கொள்வது அதனின் வேறானது.

பதில் வராதபோது

மௌனம் எல்லாம் மழுப்பல் ஆகாது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், காலாண்டு முடிந்தது முதல் நிதிநிலை முடிவுகள் வெளியாகும் வரை, வெளியாகாத நிதித் தகவல் கசிவதைத் தவிர்க்க ஊடகங்களிடம் பேசாதிருப்பது உண்டு. எனினும் அந்தக் காரணம் வருவாய் பற்றிய கேள்விக்குப் பொருந்துமே தவிர, தொழிலாளரின் ஊதியம் பற்றிய கேள்விக்கு இயல்பாகப் பொருந்தாது. ஆகவே பதில் வராவிடில் மின்னஞ்சல் அனுப்பிய நாளையும் தொலைபேசியில் நினைவூட்டியதையும் கட்டுரையிலேயே குறிப்பிட வேண்டும். பேச மறுத்தால் 'மறுத்தது' என்றும், அவகாசம் கேட்டால் 'அவகாசம் கேட்டது' என்றும் எழுத வேண்டும். வெளியான பிறகு வரும் பதிலை இணையப் பதிப்பில் உடனேயும் அச்சில் அடுத்த இதழிலும் சேர்ப்பது ஆசிரியர் குழுவின் பொறுப்பு.