காண்ட்ராவில் பனி பெய்யும்

காண்ட்ராவின் பனிக்காட்டு லெவலில் உண்மையிலேயே பனி பெய்யும் என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. பிள்ளையார்பாளையத்தில் சித்தப்பா பையனோடு நான் ஆடிய காண்ட்ராவில் தரை வெள்ளையாக இருக்கும், அவ்வளவுதான். கொனாமி 1988இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபாமிகாம் கேசட்டில் பனி சாய்வாகப் பெய்கிறது, முதல் லெவலில் மரங்கள் காற்றில் ஆடுகின்றன, லெவல்களுக்கு நடுவே கதைக் காட்சிகள் வருகின்றன. ஜப்பானிய கேசட்டில் கூடுதல் வசதியுள்ள ஒரு சிப் இருந்தது. அதே வருடம் அமெரிக்காவுக்குப் போன கேசட்டில் அது இல்லை. நமக்கு வந்ததோ காப்பி.

அந்தக் காப்பியின் பெயர் ஞாபகம் இருக்கிறதா? '9999999 இன் 1'. உள்ளே இருந்தவை விரல் விட்டு எண்ணக்கூடிய கேம்கள். மெனுவில் கீழே போகப் போக அதே காண்ட்ரா, அதே மரியோ, வேறு லெவலில் தொடங்கும். பொய் என்று தெரிந்தும் ஆடினோம். வேறு வழி இல்லை. அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது.

கோபம் இன்றைய நம் மேல்தான். கை நிறையச் சம்பளம் வாங்குகிறோம். ஆனாலும் ஒரு மெமரி கார்டில் பத்தாயிரம் ரோம் அடைத்து வைத்துக்கொண்டு, 'பழைய கேம்தானே பாஸ், எவன் கேக்கப் போறான்?' என்கிறோம். அது அதே 9999999 கேசட்தான். ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடம் ஆடிவிட்டு, 'அந்தக் காலத்துல செமயா இருந்துச்சு, இப்ப ஒண்ணுமில்ல' என்று தீர்ப்பு வேறு.

ஒண்ணுமில்லையா? காண்ட்ராவை முழுதாக ஆடிப் பாருங்கள். ஒரு குண்டு பட்டால் சாவு, தொடங்கும்போது மூன்று உயிர். ஆனால் எதிரியின் குண்டு கண்ணுக்குத் தெரியும் வேகத்தில்தான் வருகிறது, குதித்த பிறகும் காற்றிலேயே திரும்ப முடிகிறது. அதனால் செத்தால் தப்பு உங்களுடையது, அது உங்களுக்கே தெரியும். விசிறி மாதிரிச் சுடும் 'S' துப்பாக்கி கிடைத்தால் ராஜா. செத்தால் அதுவும் போச்சு. மூன்றாவது லெவல் அருவியில் ஒருவன் அவசரப்பட்டு ஏறினால் திரை மேலே நகர்ந்து கீழே நிற்பவன் சாவான். எங்கள் வீட்டில் பாதிச் சண்டை அந்த அருவியில் தொடங்கியதுதான். இது பழைய நினைவின் இனிப்பு அல்ல. இன்று முதன்முறை ஆடுபவருக்கும் அந்த அருவி அதே சண்டையை மூட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்புதான். எழுதியவரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 'கடையில் இல்லை, அதனால் பொதுச்சொத்து' என்று எந்தப் பிரிவும் இல்லை. முறையாக வாங்கிய பிரதி கெட்டுப்போகாமல் இருக்க பேக்கப் எடுக்க 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. நம் பரணில் கிடக்கும் கேசட்டே காப்பி என்பதால் அந்தச் சலுகை அதற்குப் பொருந்தாது.

நான் தறிக்காரர் வீட்டுப் பையன். விசைத்தறிப் புடவையைக் காஞ்சிப் பட்டு என்று யாராவது விற்றால் ஊரே கொதிக்கும். புடவையைத் திருப்பிப் போட்டு, கரையும் உடலும் சேரும் கோர்வையைத் தடவிப் பார்த்துத்தான் அப்பா பேசுவார். அவர் மகன் அடுத்தவன் நெய்ததைக் கூசாமல் டவுன்லோடு செய்கிறான். இதில் எங்கே நியாயம்?

நிறுவனங்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்குச் சொன்னது. சேகா தன் மெகா டிரைவ் தொகுப்பை 2024 டிசம்பரில் ஸ்டீமிலிருந்து எடுத்துவிட்டது. நிண்டெண்டோ தன் பழைய மரியோவை ஸ்விட்சில் சந்தாவுக்குக் கொடுக்கிறது. சந்தா நின்றால் மரியோவும் நிற்கும். இவர்கள் பூட்டி வைத்திருக்கும் கேம்களுக்காகச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் காண்ட்ரா பூட்டிக் கிடக்கவில்லை. கொனாமி 2019இல் வெளியிட்ட 'காண்ட்ரா ஆனிவர்சரி கலெக்ஷன்' ஸ்டீமில் இருக்கிறது. அமெரிக்கப் பதிப்பு, ஜப்பானியப் பதிப்பு இரண்டும் அதில் உண்டு. கையில் எமுலேட்டர் இருந்தே ஆக வேண்டுமென்றால், ஜெர்மானியக் குழு ஒன்று 2019இல் அதே பழைய இயந்திரத்துக்காக எழுதிய 'மைக்ரோ மேஜஸ்' வாங்குங்கள். மொத்த கேமும் 40 கிலோபைட். ரோம் கோப்பை அவர்களே விற்கிறார்கள்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது லேப்டாப்பை டிவியில் மாட்டி, சித்தப்பா பையனை உட்கார வைத்து, ஜப்பானியப் பதிப்பைப் போட்டேன். ஐந்தாவது லெவலில் பனி கொட்டத் தொடங்கியதும் ஜாய்ஸ்டிக்கை அப்படியே வைத்துவிட்டான். "டேய், இது எப்பலேருந்துடா பெய்யுது?"

1988லேருந்து.